எட்டு மாதிரிகளும் சாளரக் காலமும்: நாட் சோதனையின் கூடுதல் கண்டறிதலை எப்படிப் படிப்பது?

இந்தியாவில் எட்டு இரத்த வங்கிகளின் 12,224 மாதிரிகளைத் தனித்தனியாக நியூக்ளிக் அமிலச் சோதனைக்கு உட்படுத்திய ஆய்வொன்று 2008இல் வெளிவந்தது. வழக்கமான சோதனைகளில் தொற்றில்லை எனக் கடந்துபோன எட்டு மாதிரிகளில் அது வைரஸைக் கண்டது. ஒன்றில் எச்.ஐ.வி, ஒன்றில் எச்.ஐ.வியும் ஹெப்பாடைட்டிஸ் சியும் சேர்ந்து, ஆறில் ஹெப்பாடைட்டிஸ் பி. ஆக, 1,528 கொடைகளுக்கு ஒன்று. நாட் சோதனையை ஆதரித்து இங்கே எழுதப்பட்டவற்றில் இந்த எண் மீண்டும் மீண்டும் எடுத்தாளப்படுகிறது. அப்போதெல்லாம் அதற்கு ஒரே பொருள்தான் தரப்படுகிறது: இந்த எட்டுப் பேரும் சாளரக் காலத்தில் இருந்த கொடையாளர்கள், சோதனை அந்தக் காலத்தைச் சுருக்கியதால் அகப்பட்டார்கள். இந்த வாசிப்பை ஏற்க முடியவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். ஆய்வின் எண்களில் எனக்கு ஐயமில்லை. அந்த எண்கள் எதை அளக்கின்றன என்பதில்தான் வேறுபடுகிறேன்.

எச்.ஐ.வி கண்ட இரண்டு மாதிரிகளை முதலில் பார்ப்போம். எதிர்ப்பொருளை மட்டும் தேடும் எலைசாவுக்குச் சாளரக் காலம் ஏறத்தாழ 22 நாள். தனிமாதிரி நாட் சோதனைக்கு ஏறத்தாழ 6 நாள். இடைப்பட்ட 16 நாள்களில் இரத்தம் கொடுப்பவரை நாட் பிடிக்கும், எலைசா பிடிக்காது. இந்தப் பதினாறு நாள்களுக்குள் ஒரு கொடை வந்து விழ வேண்டுமென்றால், கொடையாளர்களிடையே புதுத்தொற்று எந்த வேகத்தில் நிகழ வேண்டும்? 12,224இல் இரண்டு என்ற விகிதத்தை 365ஆல் பெருக்கி 16ஆல் வகுத்தால், ஆண்டுக்கு 0.37 விழுக்காடு என வருகிறது. அக்காலத்தில் இந்தியாவின் வயது வந்தோரில் எச்.ஐ.வி தொற்றோடு வாழ்ந்தவர்களின் மொத்த விகிதமே ஏறத்தாழ 0.3 விழுக்காடு. பல ஆண்டுகளாகச் சேர்ந்த தொற்று முழுவதையும் விட, ஒரே ஆண்டின் புதுத்தொற்று கொடையாளர்களிடையே மிகுதியாக இருந்தது என்று நாம் நம்ப வேண்டியிருக்கிறது. அந்தக் கொடையாளர்களோ கேள்விகள் கேட்டு, வடிகட்டி, உள்ளே விடப்பட்டவர்கள்.

இரண்டு என்பது மிகச் சிறிய எண், தற்செயலாக நேர்ந்திருக்கலாம் என்ற தடை உடனே எழும். அது நியாயமானது. பாய்சான் பரவலின்படி, இரண்டு நிகழ்வுகளுக்கான 95 விழுக்காட்டு நம்பக எல்லை 0.24இலிருந்து 7.2 வரை செல்லும். கீழெல்லையை எடுத்தாலும் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் நான்கைந்து புதுத்தொற்றுகள் வருகின்றன. பொதுமக்களிடையே அது பத்தாயிரத்தில் ஓரிருவர் என்ற அளவில்தான் இருந்தது. மேலும், நான் எடுத்துக்கொண்ட 16 நாள் எதிர்வாதத்துக்குச் சாதகமான கணக்கு. ஆன்டிஜெனையும் சேர்த்துத் தேடும் நான்காம் தலைமுறை எலைசா கையாளப்பட்டிருந்தால் இடைவெளி பத்து நாளளவுக்குக் குறையும். முரண் இன்னும் பெரிதாகும்.

இரட்டைத் தொற்று மாதிரி இதைவிடத் தெளிவானது. அதைச் சாளர நிகழ்வு எனக் கொண்டால், ஒருவர் இரண்டு வைரஸ்களையும் அண்மையில் பெற்று, இரண்டுக்குமே எதிர்ப்பொருள் உருவாகாத நாள்களில் இரத்தம் கொடுத்தார் என்று பொருள். ஊசியைப் பகிர்வோரிடம் இது நடக்கக்கூடியதே. ஆயினும், எச்.ஐ.வி முற்றிய ஒருவருக்கு ஹெப்பாடைட்டிஸ் சி எதிர்ப்பொருள் தாமதமாக உருவாவதும், எச்.ஐ.வி எலைசாவே அவரைத் தவறவிடுவதும் எளிய விளக்கங்கள். சோதனைப் பெட்டியின் உணர்திறன் குறைந்திருக்கலாம், குளிர்சங்கிலி அறுந்திருக்கலாம், மாதிரி மாறியிருக்கலாம். எலைசா தவறவிடும் இந்தக் காரணங்களில் எதற்கும் சாளரக் காலத்தோடு தொடர்பில்லை. எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருக்கிறது. சோதனை அதைப் பார்க்கவில்லை.

இந்த வேறுபாட்டின் விலையைத் தமிழ்நாடு அறியும். 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டத்தில் கர்ப்பிணி ஒருவருக்கு எச்.ஐ.வி கலந்த இரத்தம் ஏற்றப்பட்டது வெளிவந்தபோது, சாளரக் காலம் என்ற விளக்கத்துக்கு அங்கே இடமே இருக்கவில்லை. அந்தக் கொடையாளருக்குத் தொற்று இருப்பது ஈராண்டுகளுக்கு முன்பே, வேறொரு கொடையின்போது கண்டறியப்பட்டிருந்தது, அவருக்குச் சொல்லப்படவில்லை. ஈராண்டு பழைய தொற்றைக் காட்டச் சாதாரண எதிர்ப்பொருள் சோதனையே போதும். இத்தகைய தவறல்களையும் நாட் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் அப்படிப் பிடித்ததைச் சாளரம் சுருங்கியதன் கணக்கில் எழுதினால், பழுதான எலைசா பழுதாகவே தொடரும். அதைத் தேடிப் போக எவருக்கும் காரணம் இருக்காது.

எஞ்சிய ஆறு மாதிரிகளில்தான் பெரிய சிக்கல். ஹெப்பாடைட்டிஸ் பி மேற்பரப்பு ஆன்டிஜென் சோதனைக்குச் சாளரக் காலம் ஏறத்தாழ 38 நாள். தனிமாதிரி நாட் அதை 20 நாளளவுக்குக் குறைக்கிறது. வேறுபாடு 18 நாள். முன்போலவே கணக்கிட்டால் ஆண்டுக்கு ஒரு விழுக்காடு புதுத்தொற்று. பதினெட்டு வயதில் இரத்தம் கொடுக்கத் தொடங்கும் நூறு இளைஞர்களில் ஏறத்தாழ பத்துப் பேர் இருபத்தெட்டு வயதுக்குள் புதிதாகத் தொற்றைப் பெறுகிறார்கள் என்பதே இதன் பொருள். இது நடக்கவே முடியாத விகிதம் என்று சொல்லமாட்டேன். ஆனால் இந்தியாவில் இந்த வைரஸ் பெரும்பாலும் பிறப்பின்போதோ குழந்தைப் பருவத்திலோ தொற்றுகிறது. நம் கொடையாளர்களில் மேற்பரப்பு ஆன்டிஜென் காணப்படுவோரும் பெரும்பாலும் நெடுநாள் தாங்கிகளே. அந்தப் பின்புலத்தில் ஒரு விழுக்காடு மிகவும் இழுத்துப் பிடித்த எண்ணாகத் தெரிகிறது.

வேறு விளக்கம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் தொற்று வந்து, மேற்பரப்பு ஆன்டிஜென் மறைந்து, கல்லீரல் செல்களில் வைரஸின் மரபுப்பொருள் மட்டும் தங்கியிருக்கும் நிலை, அதாவது மறைந்த ஹெப்பாடைட்டிஸ் பி. இரத்தத்தில் வைரஸ் மிகக் குறைவாக, பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 200 பன்னாட்டு அலகுக்கும் கீழே, விட்டுவிட்டுத் தெரியும். சாளரத்தில் இருப்பவரையும் இவரையும் பிரித்தறிவது கடினமல்ல. வைரஸின் உள்ளகப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் சாளரத்தில் இருப்பவருக்கு இராது, இவருக்குப் பெரும்பாலும் இருக்கும். சாளரத்தில் இருப்பவரைச் சில வாரம் கழித்து அழைத்தால் மேற்பரப்பு ஆன்டிஜென் தோன்றி, வைரஸின் அளவும் பலமடங்கு ஏறியிருக்கும். இவரிடம் எதுவும் மாறியிராது, ஒருவேளை நாட் சோதனையே இம்முறை எதிர்மறையாக வரும். தீவிரத் தொற்றிலிருந்து மீண்டுவரும் ஒருவர் இரண்டுக்கும் நடுவே நிற்கக்கூடும். அவரை உள்ளகப் புரதத்துக்கு எதிரான ஐஜிஎம் எதிர்ப்பொருள் காட்டிக்கொடுக்கும்.

எதுவாயினும் அந்த இரத்தம் நோயாளிக்குப் போகாமல் தடுக்கப்பட்டதே, பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நோயாளியைப் பொறுத்தவரை அது சரி. மறைந்த தொற்றும் தொற்றக்கூடியதே. கொடையாளரைப் பொறுத்தவரை சரியல்ல. மறைந்த நிலையில் இருப்பவருக்கு வாழ்நாள் தொற்று. சாளரத்தில் இருப்பவர் பெரும்பாலும் சில மாதங்களில் முழுதாகக் குணமாவார். கொள்கைக்கும் சரியல்ல. மறைந்த தொற்றே மிகுதி என்றால் உள்ளகப் புரத எதிர்ப்பொருள் சோதனை எவ்வளவு பயன்தரும், அதனால் எத்தனை நல்ல கொடைகளை இழப்போம் என்ற கேள்வியை முதலில் எதிர்கொள்ள வேண்டும். நாட் வந்தால் எலைசா வேண்டாம் என்ற மற்றொரு கருத்தை நீளமாக மறுக்கத் தேவையில்லை. அதே ஆய்வில் 84 மாதிரிகள் எதிர்ப்பொருள் அல்லது ஆன்டிஜென் சோதனையில் வினைகாட்டி, நாட் சோதனையில் காட்டவில்லை. அவற்றில் பல பொய்நேர்மறையாக இருக்கலாம்; எல்லாமே அப்படித்தான் என்று எவராலும் உறுதிகூற முடியாது.

அப்படியானால் நாட் சாளரத்தை உண்மையில் எவ்வளவு சுருக்குகிறது? விடை சோதனைப் பெட்டியின் மேலட்டையில் இல்லை. வைரஸ் இரட்டிப்பாகும் வேகத்திலும், எத்தனை மாதிரிகளைக் கலந்து சோதிக்கிறோம் என்பதிலும் இருக்கிறது. இருபது மாதிரிகளைக் கலந்தால் ஒவ்வொன்றும் இருபது மடங்கு நீர்த்துப்போகும். அந்த இழப்பை ஈடுகட்ட வைரஸ் நான்கு முறைக்குச் சற்று மேல், 4.3 முறை, இரட்டிக்க வேண்டும். ஹெப்பாடைட்டிஸ் சி ஏறத்தாழ 11 மணிநேரத்துக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. இழப்பு இரண்டு நாள். எச்.ஐ.விக்கு ஏறத்தாழ 20 மணிநேரம். இழப்பு மூன்றரை நாளுக்கு மேல். ஹெப்பாடைட்டிஸ் பி இரட்டிக்க இரண்டரை நாள் எடுக்கிறது. இழப்பு பதினோரு நாள். தனிமாதிரி நாட் ஈட்டித்தந்த 18 நாளில் பாதிக்கு மேல் கலந்த கணமே போய்விடுகிறது. ஹெப்பாடைட்டிஸ் சியில் எதிர்ப்பொருளுக்கான காத்திருப்பு இரண்டு மாதத்தை ஒட்டியது. அதை ஒரு வாரத்தை ஒட்டிக் குறைக்கும் நாட், கலந்த மாதிரியிலும் ஏறக்குறைய முழுப் பயன் தரும். மூன்று வைரஸ்களுக்கும் ஒரே சொற்றொடரில் சாளரம் சுருங்கியது என எழுதுவது இந்த வேறுபாட்டை மறைக்கிறது.

ஜப்பானின் பட்டறிவு இங்கே பொருந்தும். 1999இல் 500 மாதிரிகளைக் கலந்து தொடங்கிய அந்நாடு, 50 என்றும் பிறகு 20 என்றும் குறைத்துக்கொண்டே வந்தது. 2013இல் ஒரு கொடையாளரின் இரத்தத்தில் எச்.ஐ.வி தெரிந்தபோது, அவருடைய முந்தைய கொடையின் சேமித்த மாதிரியை எடுத்துத் தனியாகச் சோதித்தார்கள். வைரஸ் அதிலும் இருந்தது. இருபதோடு கலந்தபோது அது தெரிந்திருக்கவில்லை. அந்தக் கொடை, மேலே கணக்கிட்ட மூன்றரை நாளை ஒட்டிய இடைவெளிக்குள் விழுந்திருக்க வேண்டும் என்று கருதுகிறேன். அதே கொடை இருவருக்குப் போயிருந்தது. உறைநிலைப் பிளாஸ்மா பெற்றவருக்குத் தொற்று வந்தது. சிவப்பணு பெற்றவருக்கு வரவில்லை. ஒரு நிகழ்வைக் கொண்டு விதி வகுக்கக்கூடாது. ஆனால் சிவப்பணுப் பையில் எஞ்சும் பிளாஸ்மா 20 மில்லிலிட்டர் அளவுதான். பிளாஸ்மாப் பையிலோ 200க்கும் மேல். சோதனைக்கு எட்டாத அளவில் வைரஸ் இருக்கும்போது, பெறுநரின் உடலுக்குள் எத்தனை துகள்கள் போகின்றன என்பது பையில் உள்ள பிளாஸ்மாவைப் பொறுத்தது. ஆகவே சாளரக் காலம் சோதனைக்கு மட்டுமே உரிய ஒரு நாளெண் அன்று. ஏற்றப்படும் பொருளும் அதன் நீளத்தை முடிவுசெய்கிறது. ஜப்பான் 2014இல் தனிமாதிரிச் சோதனைக்கு மாறியது.

இந்தியாவில் நாட் இன்னும் சட்டப்படி கட்டாயமில்லை. அதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு; இக்கட்டுரையை அதற்கு எதிராகப் படிக்க வேண்டாம். ஆனால் அதற்கான சான்றாக 1,528இல் ஒன்று என்ற எண்ணைத் தனியாக நிறுத்தக்கூடாது. கூடுதலாகப் பிடிபட்ட ஒவ்வொரு மாதிரிக்கும் உள்ளகப் புரத எதிர்ப்பொருளின் நிலை, வைரஸின் அளவு, வேறொரு நிறுவனத்தின் எலைசாவில் மறுசோதனையின் முடிவு, கொடையாளரை ஆறு முதல் எட்டு வாரத்தில் அழைத்துப் பார்த்ததில் தெரிந்தது, எத்தனை மாதிரிகள் கலக்கப்பட்டன என்ற ஐந்து செய்திகளையும் ஆய்வேடுகள் சேர்த்தே வெளியிட வேண்டும். கொடையாளர் திரும்பி வராத மாதிரிகளை வகைப்படுத்தாதவை என்ற தனி வரிசையில் நிறுத்தலாம். சாளரக் காலத்தின் வரிசையில் அவற்றைச் சேர்க்க நமக்கு உரிமையில்லை.