வீடு வாங்க கையில் எவ்வளவு ரொக்கம் வேணும்? 90 சதவீத கடனை நம்பி அட்வான்ஸ் கொடுப்பவர்கள் உஷார்!

நெல்லை:

பாளையங்கோட்டை, கே.டி.சி. நகர் பக்கம் வீடு பார்க்கிறவர்களிடம் புரோக்கர்கள் சொல்வது, "பேங்க் 90 சதவீதம் கடன் தரும், கையில 10 சதவீதம் இருந்தா போதும்" என்பதுதான். இதை நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, பத்திரப்பதிவு நேரத்தில் பணத்துக்கு அலைகிறவர்கள் பலர்.

வீட்டின் மதிப்பில் வங்கி தரும் கடன் போக, வாங்குகிறவர் கைப்பணமாக போட வேண்டிய தொகைதான் மார்ஜின். 2015-ல் ரிசர்வ் வங்கி வகுத்த விதிப்படி 30 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு அதிகபட்சம் 90 சதவீதம், அதற்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதையும் தாண்டினால் 75 சதவீதம். இது உச்சவரம்புதான். சம்பளத்தைப் பார்த்து வங்கி குறைத்தும் தரலாம்.

கணக்கு இதுதான்

உதாரணமாக ஒரு வீட்டின் விலை 32 லட்சம். 10 சதவீதம்னா 3 லட்சத்து 20 ஆயிரம் போதும் என்று தோன்றும். ஆனால் வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் வீட்டைப் பார்த்து 30 லட்சம் என்கிறார். பேசிய விலை, மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதைத்தான் வங்கி எடுத்துக்கொள்ளும். எனவே கடன் 27 லட்சம். மீதி 5 லட்சம் கையில் இருந்து போக வேண்டும்.

இதோடு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம். 32 லட்சத்துக்கு 2 லட்சத்து 88 ஆயிரம். வீட்டு விலை 10 லட்சத்தை தாண்டினால் இந்த செலவை வங்கி கடன் கணக்கில் சேர்க்காது. ஆக மொத்தம் 7 லட்சத்து 88 ஆயிரம் தேவை. வக்கீல் கருத்து, மதிப்பீட்டுக் கட்டணம், வங்கியின் பிராசசிங் கட்டணம், கடனுக்காக அடமானம் பதியும் செலவு எல்லாம் தனி.

பத்திரத்தில் குறைத்தால்...

"பத்திரத்துல 24 லட்சம்னு போடுவோம், மீதியை ரொக்கமா கொடுங்க" என்று சில விற்பனையாளர்கள் கேட்பார்கள். அந்த இடத்தின் அரசு வழிகாட்டி மதிப்பு அதைவிடக் கூடாமல் இருந்தால், பதிவுச் செலவில் 72 ஆயிரம் மிச்சம். ஆனால் வங்கி 24 லட்சத்தில் 90 சதவீதம், அதாவது 21 லட்சத்து 60 ஆயிரம்தான் தரும். கைப்பணம் 12 லட்சத்து 56 ஆயிரமாக எகிறிவிடும். 72 ஆயிரம் மிச்சம் பிடிக்கப் போய் 4 லட்சத்து 68 ஆயிரம் கூடுதலாகத் திரட்ட வேண்டும். வீடு விற்பனைக்கு 20 ஆயிரம் ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவது வருமான வரி சட்டப்படியும் விதிமீறல்.

தப்புவது எப்படி?

வங்கி பெரும்பாலும் மார்ஜின் பணத்தை முதலில் கட்டச் சொல்லி, ரசீதைப் பார்த்த பிறகே பத்திரப்பதிவு அன்று விற்பவர் பெயரில் செக் தரும். எனவே அட்வான்சுக்கு முன்பே சொத்து ஆவணங்களின் நகலை வங்கியில் காட்டி மதிப்பீடு கேட்பது நல்லது. வழிகாட்டி மதிப்பை tnreginet.gov.in இணையதளத்தில் பார்க்கலாம். முடியாதவர்கள், "கடன் கிடைக்காவிட்டாலோ குறைந்தாலோ அட்வான்சை திருப்பித் தர வேண்டும்" என்ற வரியை ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். அந்த வரி இல்லாவிட்டால், பணம் திரும்புவது விற்பவர் மனசைப் பொறுத்தது.