வாசற்பலகையில் ஒரு பெயர்

புது வீட்டுக்குப் பெயர் தேடுவோர் மக்காவின் இரு பழைய வீடுகளின் வரலாற்றை அறிந்துகொள்வது நல்லது.

முதலாவது, கஅபாவின் அருகே குஸை இப்னு கிலாப் கட்டியது. நபி (ஸல்) அவர்களுக்கு ஐந்து தலைமுறை முந்தியவர் அவர். குறைஷியர் கூடி ஆலோசித்த இடமாதலால் அது ‘தாருந் நத்வா’, அதாவது கூட்ட வீடு, என்று வழங்கப்பட்டது. கட்டியவரின் பெயர் அதில் இல்லை. பிற்காலத்தில் ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் அதை முஆவியா (ரலி) அவர்களுக்கு விற்றார்கள். அப்பாஸியர் காலத்தில் அந்த நிலம் ஹரம் பள்ளியோடு சேர்க்கப்பட்டது. உரிமை கைமாறிய பின்னும் அதன் பெயர் மாறவில்லை.

இரண்டாவது, ஸஃபா குன்றின் அருகிலிருந்த அர்கம் (ரலி) அவர்களின் வீடு. உரிமையாளர் பெயரால் அது ‘தாருல் அர்கம்’ ஆனது. பேரப்பிள்ளைகள் காலத்தில் கலீஃபா மன்ஸூர் அதை விலைக்கு வாங்கினார். பின்னர் அது ஹாரூன் ரஷீதின் தாயார் கைஸுரானிடம் சென்றபோது, மக்கள் ‘தாருல் கைஸுரான்’ என்றழைக்கத் தொடங்கினர். அர்கம் என்னும் பெயர் நம் நினைவில் நிற்பது, நபியவர்கள் அங்கே மறைவாகத் தீனைப் போதித்ததால்தான். நம் வீடுகளுக்கு அத்தகைய வரலாறு ஏது?

ஆகவே ஆட்பெயரைவிடப் பொருள் தரும் சொல்லே நீடிக்கும். ஆனால் அரபுச் சொல்லைத் தமிழில் எழுதும்போது ஒரு சிக்கல் உண்டு. இருவேறு ககரங்கள் நம் எழுத்தில் ஒன்றாகிவிடுகின்றன. ‘கல்பு’ என்று பொறித்தால் அது இதயமா, நாயா என்பது அரபி அறிந்தவருக்கே ஐயமாகும்! பலகைக்காரரிடம் கொடுக்கும் முன், அந்தச் சொல்லுக்கு இப்படி வேறொரு பொருள் உண்டா என்று ஓர் ஆலிமிடம் கேட்டுவிடுவது எளிது.

ஒளியைக் குறிக்கும் ‘நூர்’ என்னும் சொல்லை ஒரு குடும்பம் விரும்புகிறது என வைத்துக்கொள்வோம். பல வாசல்களில் ‘பைத்துல் நூர்’ என்றிருக்கும். நூன் என்னும் எழுத்துக்கு முன் லாம் ஒலிக்காது. தாருந் நத்வா போலவே ‘பைத்துன் நூர்’ என்பதே சரி. பேரன் அதைத் திருத்தமாகப் படிப்பானா என்ற ஐயமிருந்தால் ‘நூர் மன்ஸில்’ போதும். பாரசீக, உருது வழக்கில் வந்த இவ்வமைப்பில் அந்தத் தொல்லை இல்லை. மன்ஸில் என்பது இறங்கித் தங்குமிடம். பயணியின் தங்கலைக் குறித்த சொல் வீட்டுக்கும் ஆகிவந்தது. இதை ஒரு குழந்தைக்கு ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்.

‘நூர் இல்லம்’ என்றாலும் குறைவில்லை. ஸலாத்தைத் தொழுகை என்றும், ஸவ்மை நோன்பு என்றும், மஸ்ஜிதைப் பள்ளிவாசல் என்றும் தமிழிலேயே வழங்கியவர்கள்தாமே நம் முன்னோர்.