"நீ எழுதினதா? அப்ப இதை மாத்து பார்ப்போம்!"

நண்பர்களே, நம் லேப் பரீட்சைகள் ஞாபகம் இருக்கிறதா? சீட்டு எடுத்துக் கேள்வி வாங்கி, நீலத் திரையில் டர்போ சி-யைத் திறந்து, மனப்பாடமாக இருந்த புரோகிராமை ஒரே மூச்சில் தட்டி முடிப்போம். ரெக்கார்டு நோட்டில் இருக்கிற அதே புரோகிராம்தான். அந்த ரெக்கார்டே சீனியரிடமிருந்து வந்தது என்பது தனிக் கதை.

எனக்கு வந்தது எண்களை ஏறுவரிசையில் அடுக்கும் புரோகிராம். பிழை இல்லாமல் ஓடியது. வெளியூரிலிருந்து வந்திருந்த எக்ஸ்டர்னல் ஸார் பார்த்துவிட்டு, "நல்லா ஓடுதுப்பா. இப்ப இறங்குவரிசையில வர்ற மாதிரி மாத்து" என்றார். மாற்ற வேண்டியது ஒரே ஒரு குறி. `>` இருக்கிற இடத்தில் `<`. அதைக் கண்டுபிடிக்க எனக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று. அதற்குள் லூப்பின் எல்லையைக் கெடுத்து, மீண்டும் சரி செய்து, வியர்த்துப் போய்விட்டேன். ஸார் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே மார்க் போட்டார். எவ்வளவு போட்டார் என்று நான் இங்கே எழுதப் போவதில்லை!

அடுத்த வருஷம் என்ன நடந்தது தெரியுமா? "இறங்குவரிசைன்னு கேட்பாங்க, ஏழாவது வரியில குறியை மாத்து" என்று நாங்களே ஜூனியர்களுக்குச் சொல்லிக் கொடுத்தோம். ஒரு நல்ல கேள்வி ஒரே வருஷத்தில் செத்துப் போயிற்று.

எழுதியவர் யார் என்ற இந்தச் சந்தேகம் பழையது. 1976-ல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் ஓட்டன்ஸ்டைன், மாணவர்கள் எழுதிய ஃபோர்ட்ரான் புரோகிராம்களில் காப்பியைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொன்னார். அங்கே பேராசிரியராக இருந்த மாரிஸ் ஹால்ஸ்டெட்டின் அளவைகளே அதற்கு அடிப்படை. ஒரு புரோகிராமில் எத்தனை வகைக் குறிகள், எத்தனை வகை மாறிகளும் மாறிலிகளும், ஒவ்வொன்றும் மொத்தம் எத்தனை தடவை என்று நான்கு எண்கள் எடுப்பார்கள். இரண்டு பேருடைய நான்கு எண்களும் ஒன்றாக இருந்தால் சந்தேகம். 1994-ல் அலெக்ஸ் ஐக்கன் உருவாக்கிய 'மாஸ்' இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. மாறிகளின் பெயரை மாற்றினாலும், பகுதிகளை இடம் மாற்றிப் போட்டாலும் அது ஏமாறாது. புரோகிராமைச் சிறு சிறு துண்டுகளாக்கி, அவற்றில் சிலவற்றைக் கைரேகை மாதிரி எடுத்து வைத்துக்கொண்டு ஒப்பிடும்.

ஆனால் இரண்டுக்கும் ஒரே குறை. இரண்டு புரோகிராம்கள் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்றுதான் அவற்றால் சொல்ல முடியும். இருவரில் யார் எழுதியது என்று சொல்லாது. அண்ணன் தம்பிக்காகப் புதிதாக உட்கார்ந்து எழுதிக் கொடுத்தால், ஒப்பிட இன்னொரு பிரதியே கிடையாது. வேலைக்கு ஆள் எடுக்கிறவர்களுக்கு வந்த தலைவலி இந்த இரண்டாவது வகை. வீட்டிலேயே செய்து அனுப்பும்படி ஒரு பயிற்சி கொடுப்பார்கள். அழகான புரோகிராம் வரும். யார் கை பட்டது என்று யாருக்குத் தெரியும்? 2020-ல் கொரோனாவால் இன்டர்வியூக்களும் திரைக்குள் போனபின் சந்தேகம் இன்னும் வளர்ந்தது. ஆக, நம் எக்ஸ்டர்னல் ஸாரின் பழைய கேள்விக்கே எல்லோரும் திரும்பி வந்தோம்.

நான் இன்டர்வியூ எடுத்த ஒன்றைச் சொல்கிறேன். மாணவர் பெயர், மார்க் பட்டியலை வாசித்து, மார்க் வாரியாக இறங்குவரிசையில் அடுக்கி, ரேங்க் போட வேண்டும் என்பது பயிற்சி. வந்த புரோகிராமின் கடைசிப் பகுதி இது:

```c
for (i = 0; i < n; i++)
    printf("%d %s %d\n", i + 1, s[i].name, s[i].mark);
```

"இதை விளக்குங்க" என்று கேட்பதில் பயன் குறைவு. விளக்கத்தை மனப்பாடம் செய்யலாம். அதனால், "ஒரே மார்க் வாங்கினவங்களுக்கு ஒரே ரேங்க் வரணும், மாத்துங்க" என்றேன். எழுதியவர் நேரே இந்த இடத்துக்கு வந்துவிடுவார். ரேங்க் என்று தனியாக ஒன்று இல்லை, `i + 1` தான் ரேங்க்காக வேஷம் போடுகிறது என்று அவருக்குத் தெரியும். கையை வைக்குமுன் அவரே ஒரு கேள்வியும் கேட்பார்: "ரெண்டு பேர் ரெண்டாவது வந்தா, அடுத்தவர் மூணாவதா, நாலாவதா ஸார்?" நாலாவது என்றால் இப்படி முடியும்:

```c
rank = 1;
for (i = 0; i < n; i++) {
    if (i > 0 && s[i].mark < s[i-1].mark)
        rank = i + 1;
    printf("%d %s %d\n", rank, s[i].name, s[i].mark);
}
```

எழுதாதவர் புரோகிராமை உச்சியிலிருந்து வரி வரியாக இறக்கிப் பார்ப்பார். பலர் அடுக்கும் பகுதியில் போய்க் கை வைப்பார்கள். மார்க் என்றதும் மார்க்கை ஒப்பிடும் இடம் கண்ணில் படுகிறதல்லவா, அதுதான் காரணம். அடுக்கலில் மாற்ற ஒன்றுமே இல்லை என்பது எழுதினவருக்கு மட்டும் உடனே தெரியும்.

இந்தச் சோதனையை நம்பி நான் ஒரு தப்பும் செய்தேன். ஒரு தம்பி வந்தார், என் கம்ப்யூட்டரைக் கொடுத்து மாற்றச் சொன்னேன். கை நடுங்கியது. மேலும் கீழும் தேடினார், ஒன்றும் ஓடவில்லை. 'வேறு யாரோ எழுதியது' என்று குறித்து அனுப்பிவிட்டேன். சில மாதம் கழித்து, அவரோடு படித்தவர் ஒருவர் எங்களிடம் வேலைக்குச் சேர்ந்தார். பேச்சுவாக்கில், "அதை அவன் எங்க ரூம்ல உட்கார்ந்து ரெண்டு ராத்திரி எழுதினான் ஸார். நான் பக்கத்துலதான் இருந்தேன்" என்றார். அந்தத் தம்பி புரோகிராமை அனுப்பி இரண்டு மாதம் கழித்துத்தான் நான் கூப்பிட்டிருந்தேன். பழகாத எடிட்டர், எதிரே மூன்று பேர். பத்து நிமிஷம் தேடின என் கை எனக்கு எப்படி மறந்து போயிற்று?

அதற்குப் பிறகு முறையை மாற்றிக்கொண்டேன். முதல் பத்து நிமிஷம் நாங்கள் எழுந்து போய்விடுவோம். அவருடைய புரோகிராமை அவருடைய லேப்டாப்பிலேயே நிதானமாகப் படித்துக்கொள்ளலாம். முதல் மாற்றம் மிகச் சின்னது, நடுக்கம் போவதற்காக மட்டும், அதற்கு மார்க் கிடையாது. இரண்டாவதுதான் சோதனை. அதையும் வந்த புரோகிராமைப் படித்த பிறகே யோசிப்போம். எல்லோருக்கும் ஒரே மாற்றம் என்று வைத்தால் மறுவாரமே ஜூனியர்களுக்குப் போய்விடும், நமக்குத் தெரியாதா என்ன!

இன்னொருவர், தோழியிடம் வாங்கிய புரோகிராம் என்று தாமே ஒப்புக்கொண்டார். ஆனால் கேட்ட மாற்றத்தை ஐந்து நிமிஷத்தில் செய்துவிட்டு, ஒரே மாணவர் மட்டும் இருக்கும் பட்டியலில் ஓட்டியும் காட்டினார். அவரை எடுத்துக்கொண்டோம். இந்தச் சோதனை, தட்டியது எந்தக் கை என்று உறுதியாகச் சொல்லாது. புரோகிராம் இப்போது யாருடைய தலைக்குள் இருக்கிறது என்று காட்டும், அவ்வளவே. இன்று படிக்கும் தம்பி தங்கைகள் ரெக்கார்டை எங்கிருந்து வாங்கினாலும், பரீட்சைக்கு முன் அதில் ஒரு இடத்தையாவது தாமே மாற்றி ஓட்டிப் பார்க்கட்டும். எந்த வரியில் கை வைக்க வேண்டும் என்று தேடும்போதே, அது தம்முடையதா என்று அவர்களுக்கே தெரிந்துவிடும்.