"எல்லாம் விதி" என்பவருக்கு என்ன பதில் சொல்வது?

2009 மே மாதம் வட்டுவாகலில் எனது அண்ணா படையினரிடம் சரணடைந்தார். அவருடைய உடுப்புப் பையை அம்மாதான் கையில் கொடுத்து அனுப்பினார். அதன்பின் எந்தத் தகவலும் இல்லை.

முகாமிலிருந்து ஊர் திரும்பியபோது உறவினர்கள் அரிசியும் பால்மாவும் கொண்டு வந்து பார்த்தார்கள். போகும்போது அநேகமாக எல்லோரும் இரண்டில் ஒன்றைச் சொன்னார்கள். "மனதைத் திடப்படுத்துங்கோ." அல்லது, "அவனுக்கு எழுதினது அவ்வளவுதான், எல்லாம் விதி." அம்மா தலையை ஆட்டினார். அன்றிலிருந்து எங்களுக்கு முன்னால் அவர் அழவில்லை. கண் சிவந்திருந்தால் அடுப்புப் புகை என்று சொல்லுவார்.

சொன்னவர்கள் கெட்டவர்களல்லர். அவர்களில் பலர் தங்கள் பிள்ளைகளையும் பறிகொடுத்தவர்கள். துயரத்துக்கு முன்னால் சும்மா இருக்க முடியாமல் வாயில் வந்ததைச் சொன்னார்கள். ஆனால் அந்த வார்த்தைகள் கேட்பவரிடம் ஒன்றைக் கோருகின்றன. "திடமாக இரு" என்பது, எனக்கு முன்னால் அழாதே என்று காதில் விழுகிறது. "விதி" என்பது, இனித் தேடாதே என்று விழுகிறது.

காணாமல் ஆக்கப்பட்டவரின் வீட்டில் இந்த இரண்டாவது சொல் கூடுதலாக வலிக்கும். அங்கே உடல் இல்லை, எட்டுச் செலவு இல்லை, அந்தியேட்டி இல்லை. இப்படி முடிவு தெரியாத இழப்பைப் பற்றி நீண்டகாலம் ஆராய்ந்தவர் அமெரிக்க உளவியலாளர் போலின் பொஸ். இருக்கிறாரா இல்லையா என்று தெரியாதபோது துக்கம் உறைந்து நின்றுவிடுகிறது. அது அந்த மனிதரின் பலவீனமல்ல, நிலைமையின் தன்மை என்பது அவருடைய விளக்கம். அத்தோடு, அண்ணாவைக் கூட்டிச் சென்றது விதியல்ல, மனிதர்கள். விதி என்று ஒப்புக்கொண்டால், எங்கே என்று கேட்க ஆளில்லாமற் போய்விடும்.

பல வருடங்களின் பின் பெரியப்பாவின் அந்தியேட்டியில் ஒரு மாமி அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். "மச்சாள், இதோடை அவனுக்கும் செய்து விடுங்கோவன். ஆத்மா சாந்தியடையட்டும். நடக்க வேண்டியது நடந்திட்டுது" என்றார். நான் கோபத்தில் வாய் திறக்கப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"நீங்கள் என்ரை பிள்ளையிலை உள்ள பாசத்திலைதான் சொல்லுறீங்கள், தெரியும். ஆனால் விதியெண்டு என்னாலை சொல்ல ஏலாது. நான் கையிலை குடுத்து அனுப்பின பிள்ளை. அவனைப் பற்றிக் கதைக்க விருப்பமெண்டால் இருங்கோ, கதைப்பம்."

அந்தப் பதிலில் மூன்று பகுதிகள் உள்ளன. முதலில், சொன்னவரின் அன்பை ஏற்றுக்கொள்கிறது. அடுத்து, ஏற்க முடியாததை ஒரே வசனத்தில் மறுக்கிறது, விவாதிக்கவில்லை. கடைசியில், வந்தவர் செய்யக்கூடிய ஒரு காரியத்தைக் கொடுக்கிறது. இந்த மூன்றாவதுதான் முக்கியம். என்ன செய்வதென்று தெரியாததால்தான் பலர் விதியைப் பேசுகிறார்கள். மாமி கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, அண்ணா சின்ன வயதில் தன் வீட்டு மாமரத்திலிருந்து விழுந்த கதையைச் சொன்னார். அன்று அம்மா எங்களுக்கு முன்னால் அழுதார்.

"திடமாக இருங்கோ" என்பவருக்கும் இதே வழி பொருந்தும். "இவ்வளவு நாளும் திடமாய்த்தான் இருந்தனான். இண்டைக்குக் கொஞ்சம் அழவேணும் போலை கிடக்கு. பக்கத்திலை இருங்கோ" என்று சொல்லலாம். பிள்ளைகளிடம் "இனி நீதான் அம்மாவைப் பார்க்கவேணும்" என்று யாராவது சொன்னால், அங்கேயே பெரியவர் ஒருவர் குறுக்கிட வேண்டும்: "அவனும் பிள்ளைதான், அவனும் அழட்டும்."

எல்லோருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. களைத்திருக்கும் நாளில் "ஓம், சரி" என்று விடுவதும் பிழையல்ல. ஆனால் அந்தச் சொல் ஒரு கையொப்பத்தைக் கேட்கும்போது கவனம் வேண்டும். "நடந்தது நடந்திட்டுது, மரணச் சான்றிதழை எடுங்கோ" என்று யாராவது அவசரப்படுத்தினால், 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் பின் காணாமற்போனமைக்கான சான்றிதழைப் பெறவும் வழியுண்டு என்று சொல்லுங்கள். எதை எடுப்பது, எடுப்பதா என்பது குடும்பத்தின் முடிவு.

இழந்தவரே "விதி" என்று சொல்லி ஆறுதலடைந்தால் அதைத் திருத்தப் போகாதீர்கள். அது அவர் தேடிக்கொண்ட சொல். ஆனால் பல நாட்கள் உறக்கமும் உணவும் இல்லாமல், சாவைப் பற்றியே ஒருவர் பேசினால், அங்கே எந்த வார்த்தையும் போதாது. மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள், அல்லது 1926 என்ற உளநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள்.

மூன்று மாதம் கழித்து அந்த மாமி மறந்துபோய் மறுபடியும் விதி என்றார். அம்மாவும் மறுபடியும் அதே பதிலைச் சொன்னார்.