29 நொடியும் மூன்று ஸ்டிரைக்கும்

யூடியூப்பில் சேனல் வைத்திருக்கிற நண்பர் யாராவது "மச்சி, காப்பிரைட் வந்துருச்சு" என்று சொன்னால் முதலில் ஒன்று கேட்க வேண்டும்: வந்தது கிளைமா, ஸ்டிரைக்கா? இரண்டும் ஒரே மாதிரியான மின்னஞ்சலாகத்தான் வரும். ஆனால் பிறந்த இடம் வேறு. ஸ்டிரைக்குக்குப் பின்னால் இருப்பது 1998இல் அமெரிக்காவில் வந்த ஒரு சட்டம். கிளைம், 2007இல் ஒரு நிறுவனம் தன் வசதிக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு. இந்தப் பிறப்பு வித்தியாசம் புரிந்தால், எதை எப்படி எதிர்ப்பது என்பதும் புரிந்துவிடும்.

1998இல் டி.எம்.சி.ஏ. என்ற சட்டம் நிறைவேறியது. அப்போது யூடியூப்பே கிடையாது. இணைய நிறுவனங்களின் பயம் ஒன்றுதான்: நம்ம தளத்தில் யாரோ திருட்டுப் பாட்டைப் போட்டால் வழக்கு நம்ம மேல வருமே! சட்டம் அவர்களுக்கு ஒரு பேரம் கொடுத்தது. உரிமையாளர் முறைப்படி அறிவிப்பு அனுப்பினால் உடனே அதை நீக்கிவிடு. திரும்பத் திரும்பத் தப்பு செய்பவர்களின் கணக்கை மூடு. உன் மேல் பொறுப்பு வராது. இந்த இரண்டாவது நிபந்தனையிலிருந்து வந்ததுதான் ஸ்டிரைக். 90 நாளைக்குள் மூன்று சேர்ந்தால் சேனலே போய்விடும் என்ற யூடியூப் விதிக்கு வேர் அங்கே இருக்கிறது.

அதே சட்டம் படைப்பாளிக்கும் ஒரு வழி வைத்தது. "நீக்கியது தவறு" என்று அவர் எதிர் அறிவிப்பு கொடுக்கலாம். புகார் கொடுத்தவர் நீதிமன்றத்துக்குப் போகாவிட்டால், 10 முதல் 14 வேலைநாளுக்குள் வீடியோவைத் திரும்ப வைக்க வேண்டும்.

இந்த வழியில் நடந்துபோன மிகப் பிரபலமான ஆள் ஒரு தாய். 2007 பிப்ரவரியில், பென்சில்வேனியாவில் தன் சமையலறையில் குழந்தை ஆடுவதை 29 நொடி படம்பிடித்து யூடியூப்பில் போட்டார் ஸ்டெஃபனி லென்ஸ். பின்னால் பிரின்ஸ் பாடிய ஒரு பாட்டு, சரியாகக்கூடக் கேட்காமல், ஓடிக்கொண்டிருந்தது. யுனிவர்சல் இசைப் பதிப்பு நிறுவனத்தில் பிரின்ஸ் பாடல்களைத் தேடிப் பிடிப்பதற்கென்றே ஓர் ஊழியர் இருந்தார். ஜூன் மாதம் அந்த நிறுவனம் இருநூறுக்கும் மேற்பட்ட வீடியோக்களைப் பட்டியல் போட்டு அனுப்பியது. அதில் இதுவும் ஒன்று. வீடியோ போயே போச்சு.

லென்ஸ் மூன்று நாளில் எதிர் அறிவிப்பு அனுப்பினார். அது எடுபடவில்லை. காரணம் பாட்டும் இல்லை, குழந்தையும் இல்லை. "நான் சொல்வது பொய் என்றால் பொய்ச்சாட்சிக் குற்றத்துக்கு உட்படுகிறேன்" என்று சட்டம் கேட்கிற உறுதிமொழியை அவர் சரியாகத் தரவில்லை என்று யுனிவர்சல் ஆட்சேபித்தது. ஜூன் கடைசியில் உறுதிமொழியோடு இரண்டாவது அறிவிப்பு போனது. ஜூலை நடுவில் வீடியோ திரும்பி வந்தது. எதிர் அறிவிப்பு ஒரு வாடிக்கையாளர் புகார் அல்ல, கையெழுத்துப் போட்டுத் தருகிற சட்ட ஆவணம் என்பதை இந்தச் சின்ன விஷயம் காட்டுகிறது.

அதே 2007 மார்ச்சில் வயாகாம் நிறுவனம் யூடியூப் மேல் 100 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டிருந்தது. அக்டோபரில் யூடியூப் ஓர் இயந்திரத்தை அறிமுகப்படுத்தியது. அதைத்தான் இன்று கன்டென்ட் ஐடி என்கிறோம். பெரிய உரிமையாளர்கள் தங்கள் பாட்டையும் படத்தையும் அதில் கொடுத்துவைப்பார்கள். ஏறுகிற ஒவ்வொரு வீடியோவையும் இயந்திரம் அவற்றோடு ஒப்பிடும். பொருந்தினால் கிளைம். உரிமையாளர் வீடியோவைத் தடுக்கலாம், விளம்பர வருமானத்தை எடுத்துக்கொள்ளலாம், அல்லது யார் பார்க்கிறார்கள் என்று சும்மா கவனிக்கலாம். பெரும்பாலும் வருமானத்தைத்தான் எடுப்பார்கள். சேனல் மேல் எந்தக் கறையும் விழாது. பாட்டை மாற்றினாலோ அந்தப் பகுதியை வெட்டினாலோ கிளைம் போய்விடும். ஸ்டிரைக் அப்படி இல்லை. வீடியோவையே அழித்தாலும் ஸ்டிரைக் நிற்கும்.

சரி, கிளைமை எதிர்ப்பது எப்படி? உங்கள் திரைப்பட விமர்சனத்தில் 15 நொடிக் காட்சி ஒன்றுக்காகக் கிளைம் வருகிறது, வருமானம் அவர்களுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து நாளுக்குள் எதிர்த்தால், கிளைம் வந்த முதல் நாளிலிருந்தே வருமானம் யாருக்கும் போகாமல் தனியாக நிறுத்திவைக்கப்படும். ஆறாம் நாள் விழித்துக்கொண்டால், எதிர்த்த நாளிலிருந்துதான். 2016க்கு முன் இந்த வசதியே இல்லாமல் இருந்தது.

எதிர்ப்பைப் படிப்பது யூடியூப் இல்லை, கிளைம் போட்டவர்தான். வேடிக்கைதான், ஆனால் ஏற்பாடே அப்படி. அவருக்கு 30 நாள். பதில் சொல்லாவிட்டால் கிளைம் காலாவதி. "இல்லை, என் கிளைம் சரிதான்" என்றால், நீங்கள் மேல்முறையீடு செய்யலாம். இப்போது அவருக்கு 7 நாள்தான். இந்த இடத்தில்தான் விளையாட்டு மாறுகிறது. மேல்முறையீட்டையும் மறுக்க வேண்டுமானால் அவர் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீக்கல் அறிவிப்பு கொடுத்தாக வேண்டும். நிறுவன ஏற்பாடு முடிந்து சட்டம் தொடங்குகிறது. வீடியோ போகும், ஸ்டிரைக் விழும். சில சமயம் அவர் 7 நாள் கெடு வைத்து அனுப்புவார். அதற்குள் மேல்முறையீட்டைத் திரும்பப் பெற்றால் ஸ்டிரைக் வராது, பழைய கிளைம் மட்டும் இருக்கும்.

ஸ்டிரைக் விழுந்துவிட்டால் மூன்று வழி. 90 நாள் காத்திருந்து, யூடியூப் தருகிற காப்பிரைட் பாடத்தை முடித்தால் அது காலாவதியாகும். புகார் கொடுத்தவரிடம் பேசி, அறிவிப்பைத் திரும்பப் பெறச் சொல்லலாம். அல்லது லென்ஸ் போல எதிர் அறிவிப்பு. மூன்றாவதைத் தேர்ந்தால் யூடியூப் அதைச் சரிபார்த்துப் புகார்தாரருக்கு அனுப்பும். வழக்குப் போட்டதற்கான ஆதாரத்தை 10 அமெரிக்க வேலைநாளுக்குள் அவர் காட்டாவிட்டால் வீடியோ திரும்பும். அதற்கு நீங்கள் கொடுக்கிற விலை: அமெரிக்க நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்படச் சம்மதம், அப்புறம் உங்கள் உண்மைப் பெயரும் முகவரியும். அதுவும் புகார்தாரர் கைக்குப் போகும்.

முகவரி போவது சின்ன விஷயமில்லை. 2019இல் நெப்ராஸ்கா மாநிலத்து ஆள் ஒருவர் மேல் யூடியூப்பே வழக்குத் தொடர்ந்தது. மைன்கிராஃப்ட் விளையாட்டு வீடியோ போடுகிறவர்கள் மேல் பொய்யான நீக்கல் அறிவிப்புகள் கொடுத்து, திரும்பப் பெறப் பணம் கேட்டார் என்பது குற்றச்சாட்டு. எதிர் அறிவிப்பு மூலம் முகவரியைத் தெரிந்துகொள்வதும் அவர் நோக்கமாக இருந்திருக்கலாம் என்று யூடியூப் சந்தேகித்தது. கடைசியில் அவர் 25,000 டாலர் தர ஒப்புக்கொண்டு வழக்கு முடிந்தது. அதனால் முகவரி தரப் பயப்படுகிறவர்கள் வக்கீல் மூலம் எதிர் அறிவிப்பு கொடுப்பது நல்லது. அதற்கு இடம் இருக்கிறது.

லென்ஸ் வீடியோ வந்ததோடு நிற்கவில்லை. பொய்யான அறிவிப்பு அனுப்பியவரிடம் நஷ்டஈடு கேட்கச் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. அதை வைத்து யுனிவர்சல் மேல் வழக்குப் போட்டார். 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அறிவிப்பு அனுப்பும் முன் அது நியாயமான பயன்பாடா என்று உரிமையாளர் யோசித்தே ஆக வேண்டும் என்றது. கூடவே இன்னொன்றையும் சொன்னது: யோசித்து, தவறாகவே முடிவெடுத்தாலும், மனதார நம்பியிருந்தால் போதும். அதாவது அவர்கள் தவறு செய்தார்கள் என்று நிரூபித்தால் போதாது, தெரிந்தே செய்தார்கள் என்று நிரூபிக்க வேண்டும். 2018இல் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. சமையலறையில் ஆடிய குழந்தைக்கு அப்போது 12 வயது.

இன்று அதே வீடியோவை ஏற்றினால் ஊழியர் யாரும் தேடி வர வேண்டியதில்லை. இயந்திரம் பாட்டைக் கண்டுபிடித்தால் ஒரு கிளைம் போடும். வீடியோ பெரும்பாலும் அப்படியே இருக்கும், பத்து பைசா வருமானம் பிரின்ஸின் உரிமையாளர்களுக்குப் போகும். யாரும் வழக்குப் போட மாட்டார்கள். கிளைம் சண்டையை அவ்வளவு மலிவாக்கிவிட்டது. நியாயம் உங்கள் பக்கம் என்று உறுதியாகத் தெரிந்தால் முதல் படியில் தைரியமாக எதிர்க்கலாம். ஆனால் அந்தப் படியிலேயே கிளைம் போட்டவர் நீக்கல் அறிவிப்பு கொடுக்கவும் முடியும். மேல்முறையீட்டு பட்டனை அழுத்தும் முன் மட்டும் ஒன்று யோசிக்க வேண்டும்: பெயரும் முகவரியும் எழுதிக் கையெழுத்துப் போடுகிற அந்தக் கடைசிப் படி வரை போக நாம் தயாரா?