நிழல் எல்லையை வரைவது யார்? செல் ஷேடிங்கில் செங்கோடுகளின் இடம்

முப்பரிமாண உருவத்தைக் கையால் வரைந்த கார்ட்டூன் போலத் தோன்றச் செய்யும் செல் ஷேடிங் பற்றிய எழுத்துகளில் ஒரு கருத்து நெடுநாளாகக் கேள்வியின்றி நிலவுகிறது. ஒளி மெல்லமெல்ல மங்கும் சரிவை இரண்டு மூன்று படிகளாக வெட்டி, உருவத்தின் விளிம்பில் கறுப்புக் கோடு போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்பதே அது. இதன்படி, கார்ட்டூன் தோற்றம் ஷேடரின் நாலைந்து வரிகளுக்குள் இருக்கிறது. உருவ மாதிரி எதுவானாலும் சரி. இந்த முடிவு பெருமளவு தவறானது என்பது என் துணிபு.

சான்றாக நான் எடுத்துக்கொள்வது, 2014இல் வெளிவந்த ‘கில்ட்டி கியர் எக்ஸ்ஆர்டி’ என்ற ஜப்பானியச் சண்டை விளையாட்டையும், அதை உருவாக்கிய ஆர்க் சிஸ்டம் வொர்க்ஸ் நிறுவனத்தின் ஜுன்யா மோட்டோமுரா 2015இல் விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் ஆற்றிய உரையையும்தான். அந்த உரையைப் பலரும் தொழில்நுட்பச் செய்முறைக் குறிப்பாகவே படித்தார்கள். அதில் செங்கோடுகளைக் கையால் திருத்தியதாக வரும் பகுதி, கணிப்பொறி செய்த சிறு பிழைகளை ஓவியர் சரிசெய்த கதையாகச் சுருக்கப்பட்டது. நான் அதை வேறுவிதமாகப் படிக்கிறேன். திருத்தம் என்று அங்கே சொல்லப்படுவதுதான் ஓவியம். ஷேடர் அதைத் திரைக்குக் கொண்டுவரும் கருவி மட்டுமே.

படியாக வெட்டும் கணக்கு இவ்வளவுதான்:

```
float d = dot(N, L);
float lit = step(0.5, d);
color = lerp(shade, base, lit);
```

`N` என்பது பரப்பின் அந்தப் புள்ளி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சொல்லும் செங்கோடு. `L` ஒளி வரும் திசை. இரண்டுக்கும் இடையிலான கோணம் 60 பாகைக்கு உட்பட்டால் வெளிச்சம், மிஞ்சினால் நிழல். இப்போது கன்னத்தில் ஒரு புள்ளியின் செங்கோடு 2 பாகை பிசகி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான மென்மையான ஒளியூட்டலில் 61 பாகைக்கான மதிப்பு 0.485, 59 பாகைக்கு 0.515. 255 படிகள் கொண்ட திரையில் இது ஏறக்குறைய 8 படி வேறுபாடு. பக்கத்துப் புள்ளிகளோடு கலந்துவிடுவதால் கண் அதைப் பொருட்படுத்தாது. படி வெட்டிய ஒளியூட்டலிலோ அதே 2 பாகை, ஒரு புள்ளியை முழு நிழலிலிருந்து முழு வெளிச்சத்துக்குத் தூக்கிப் போட்டுவிடுகிறது. பரப்பு மிதமாக வளையும் இடங்களில் இது இன்னும் மோசம். 5 செ.மீ. அகலத்தில் செங்கோடு மொத்தமே 10 பாகைதான் திரும்புகிறது என்றால், 2 பாகைப் பிசகு நிழல் எல்லையை 1 செ.மீ. நகர்த்தும். முகத்தில் 1 செ.மீ. என்பது கண்ணுக்கும் மூக்குக்கும் உள்ள தொலைவோடு ஒப்பிடத்தக்கது.

இந்தப் பிசகுகள் எங்கிருந்து வருகின்றன? மாதிரியைச் செய்தவரின் கவனக்குறைவால் அல்ல. வாய் திறந்து மூட வேண்டும் என்பதற்காக உதட்டைச் சுற்றியும், இமை இறங்க வேண்டும் என்பதற்காகக் கண்ணைச் சுற்றியும் வளையம் வளையமாக முனைகள் நெருக்கி வைக்கப்படுகின்றன. அந்த வலை அசைவுக்காகப் பின்னப்பட்டது. அதன் செங்கோடுகளைக் கணிப்பொறியே கணக்கிட விட்டால், ஒவ்வொரு வளையத்தின் சிறு மேடுபள்ளமும் நிழலில் பதிவாகும். உதட்டோரத்தில் தனித் தீவாக ஒரு கறுப்புத் துண்டு, மூக்கடியில் அரம்பம் போல் பல்பல்லான எல்லை, இப்படி. கையால் வரைபவர் இவற்றில் எதையும் வரையமாட்டார். மூக்கின் ஓரம் ஒரு முக்கோணம், தாடைக்குக் கீழ் ஒரு பட்டை, அத்தோடு நிறுத்திவிடுவார். மோட்டோமுரா குழுவினர் செங்கோடுகளை வலையின் வடிவத்திலிருந்து பிரித்தெடுத்தார்கள். வலை அசைவுக்கும் உருவக்கோட்டுக்கும் உழைக்கட்டும், செங்கோடு நிழலுக்கு மட்டும் உழைக்கட்டும் என்று வேலையைப் பங்கிட்டார்கள். முனைகளில் வண்ணமாகப் பதிந்த மதிப்புகளால் அந்த 0.5 என்ற வரம்பையே இடத்துக்கு இடம் ஏற்றி இறக்கவும் செய்தார்கள். கழுத்துக்கடி போன்ற இடங்கள் எளிதில் நிழலாவது அதனால்தான். இவ்வளவு செய்தபின் அது பிழைதிருத்தமா, வரைதலா?

பலகோணங்களைக் கூட்டினால் சிக்கல் தீரும் என்பார் உண்டு. தீராது, பிசகுவதற்கு இன்னும் அதிகச் செங்கோடுகள் கிடைக்கும், அவ்வளவே. விளிம்புக் கோடுதான் கார்ட்டூன் தோற்றத்தின் உயிர் என்பாரும் உண்டு. கோட்டை வைத்துக்கொண்டு முகத்தின் செங்கோடுகளை மட்டும் பழைய நிலைக்குத் திருப்பிப் பாருங்கள். கோடு போட்ட பிளாஸ்டிக் பொம்மைதான் மிஞ்சும்.

என் வாசிப்புக்கு வலுச் சேர்க்கும் மற்றொரு செய்தி ஒளியைப் பற்றியது. அந்த விளையாட்டில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனித்தனி ஒளி உண்டு. சூழலின் ஒளிக்கும் அதற்கும் தொடர்பு வேண்டியதில்லை. பாத்திரம் தலையைத் திருப்பும்போது நிழல் அசிங்கமாக விழுந்தால், அந்த நிலைக்கு மட்டும் ஒளியின் திசையை மாற்றிவிடுகிறார்கள். அசைவும் அப்படியே. விளையாட்டு நொடிக்கு 60 சட்டங்களில் ஓடினாலும், பாத்திரத்தின் ஒரு நிலையை இரண்டு மூன்று சட்டங்களுக்கு அசையாமல் நிறுத்தி, இடைநிலை எதுவுமின்றி அடுத்த நிலைக்குத் தாவுகிறார்கள். இதைப் பழைய அனிமேஷனின் சிக்கனத்தைப் போலி செய்வதாக மட்டும் கொள்வது போதாது. இடைநிலைகளைக் கணிப்பொறி நிரப்பினால் நிழல் எல்லை கன்னத்தின் மேல் எண்ணெய் வழிவது போல் ஊர்ந்து செல்லும். தாளில் வரைந்த நிழல் ஊராது. ஒவ்வொரு படத்திலும் புதிதாகப் பிறக்கும். நிலையை நிறுத்தித் தாவவைப்பது, நிழலையும் நிறுத்தித் தாவவைக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. செங்கோடு இல்லாமல் செல் ஷேடிங் இல்லை என்று நான் சொல்லவரவில்லை. பின்னர் பரவிய முறை ஒன்றில் முகத்துக்குச் செங்கோட்டையே கைவிட்டுவிடுகிறார்கள். ஒளி பக்கவாட்டில் எந்தக் கோணத்துக்குப் போகும்போது முகத்தின் எந்தப் புள்ளி நிழலாக வேண்டும் என்பதை ஒரு சாம்பல்நிறப் படமாகவே வரைந்து வைத்துவிடுகிறார்கள். சில கோணங்களுக்கு ஓவியர் நிழலை வரைவார். இடைப்பட்டவற்றை அவற்றிலிருந்து கணக்கிட்டுக்கொள்வார்கள். ஒளி மேலும் கீழும் நகர்ந்தால் இந்தப் படத்துக்கு ஒன்றும் தெரியாது என்பது அதன் குறை. ஆயினும் இது என் முடிவை மறுக்கவில்லை. எல்லையை வரைபவர் ஓவியர் என்பதை இன்னும் வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறது.

செங்கோட்டு முறைக்கும் விலை உண்டு. திருத்திய பின் வலையில் ஒரு வரிசை முனைகளைக் கூட்டினாலே கைவேலை சிதைந்துவிடும். பிளெண்டரில் இதைச் செய்பவர்கள் வழவழப்பான ஓர் எளிய உருண்டையை முகத்தருகே வைத்து, `Data Transfer` வழியாக அதன் செங்கோடுகளை முகத்துக்கு மாற்றிக்கொள்கிறார்கள். வலை மாறினாலும் மீண்டும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மூக்கோரத்து முக்கோணம் உருண்டையிலிருந்து வராது, அதைத் திரும்பவும் கையால்தான் கொண்டுவர வேண்டும். சரியாக அமைந்ததா என்று அறிய எளிய சோதனை, ஒளியை முகத்தைச் சுற்றி மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றுவது. எல்லை உடைந்து தீவுகள் முளைக்கும் கோணங்கள் உடனே தெரிந்துவிடும்.

இந்தத் துறையில் இதுவரை வந்த கட்டுரைகள் ஷேடர் வரிகளைத் தவறாமல் தருகின்றன, செங்கோடுகளைக் காட்டுவது அரிது. இனி ஓர் உருவத்தை ஆய்வுக்கு எடுப்பவர்கள் திருத்தத்துக்கு முன்னும் பின்னும் உள்ள செங்கோடுகளின் படம் இரண்டையும் சேர்த்தே வெளியிட வேண்டுகிறேன்.