மோடஸ் டாலன்ஸ்: கணிப்பு பொய்க்கும்போது

ஒரு கூற்றின் விளைவு பொய் என்று காட்டி, அந்தக் கூற்றையே மறுக்கும் அனுமான வடிவம் மோடஸ் டாலன்ஸ். 'அ உண்மையானால் ஆ நிகழும், ஆ நிகழவில்லை, எனவே அ உண்மையல்ல' என்பது அதன் அமைப்பு. முதல் இரண்டும் மெய்யானால் முடிவும் மெய்யாகியே தீரும். 'ஆ நிகழ்ந்தது, எனவே அ உண்மை' என்று திருப்பிச் சொன்னால் அந்த உறுதி போய்விடுகிறது, ஆ வேறு காரணத்தாலும் நிகழ்ந்திருக்கலாம்.

கணிப்பின் வெற்றி எவ்வளவு தூரம் ஏமாற்றக்கூடும் என்பதற்கு நெப்டியூன் கண்டுபிடிப்பே சான்று. நியூட்டனின் ஈர்ப்பு விதிப்படி கணித்த பாதையிலிருந்து யுரேனஸ் விலகிச் சென்றது. அப்பால் உள்ள ஒரு கோள் அதை இழுக்கிறது என்று கருதிய பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே, அக்கோள் தென்படவேண்டிய இடத்தைக் கணக்கிட்டு பெர்லின் வானாய்வகத்துக்கு எழுதினார். 1846 செப்டம்பர் 23 அன்று இரவு அங்கிருந்த வானியலாளர் காலே அதைக் கண்டார். குறித்த இடத்திலிருந்து ஒரு பாகைகூட விலகல் இல்லை. ஆனால் லெவெரியே கொண்டிருந்த பாதை தவறு. சூரியனிலிருந்து அக்கோளின் சராசரித் தொலைவு பூமியின் தொலைவைப்போல் சுமார் 36 மடங்கு என்று அவர் கொண்டார். உண்மையில் அது 30 மடங்குதான். அந்தக் காலப்பகுதியில் இரு பாதைகளும் ஏறத்தாழ ஒரே திசையில் அமைந்ததால் கணிப்பு பலித்தது.

அதே முறையை அவர் புதன் கோளிலும் கையாண்டார். புதனின் சூரிய அண்மைப் புள்ளி, அறிந்த கோள்களின் இழுப்பு விளக்குவதைவிட நூற்றாண்டுக்கு 38 வில்விநாடி கூடுதலாக நகர்வதாக 1859-இல் கணக்கிட்டார். இன்றைய மதிப்பு 43. புதனுக்கும் சூரியனுக்கும் இடையே இன்னொரு கோள் இருப்பதாகக் கருதப்பட்டு, அதற்கு வல்கன் என்ற பெயரும் கிடைத்தது. அத்தகைய கோள் இருந்தால் அது சூரிய வட்டத்தைக் கடக்கையில் கரும்புள்ளியாகவோ, முழுச் சூரிய கிரகணத்தின்போது ஒளிப்புள்ளியாகவோ தென்படவேண்டும். கண்டதாகச் சிலர் அறிவித்தார்கள், எதுவும் உறுதிப்படவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்த கிரகண ஒளிப்படங்களிலும் புதனின் நகர்வை விளக்கும் அளவுக்குப் பெரிய கோள் எதுவும் பதியவில்லை. வல்கன் கைவிடப்பட்டது.

இத்தனை தெளிவான மறுப்புக்கும் ஓர் எல்லை உண்டு. பிரெஞ்சு இயற்பியலாளர் பியர் துயெம் 1906-இல் வெளியான நூலில் அதை எடுத்துக்காட்டினார்: கருதுகோள் ஒருபோதும் தனியாகச் சோதனைக்கு வருவதில்லை. கருவி சரி, அளவீடு சரி, வேறு பொருள் குறுக்கிடவில்லை என்ற துணைக் கூற்றுகளோடு சேர்ந்தே அது கணிப்பைத் தருகிறது. கணிப்பு பொய்த்தால் அந்தத் தொகுப்பில் ஏதோ ஒன்று பொய் என்பது மட்டுமே நிச்சயம். எது என்று தர்க்கம் சொல்வதில்லை. யுரேனஸ் விஷயத்தில் பொய்த்தது 'வேறு கோள் இல்லை' என்ற துணைக் கூற்று. புதன் விஷயத்தில் பொய்த்தது ஈர்ப்பு விதியே. அந்த 43 வில்விநாடியை 1915-இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் புதிய கோள் எதுவுமின்றித் தந்தது.